முகத்தை அடக்கினால் ஞாபகம் ஏன் நழுவுகிறது?

"மேனேஜர் எல்லார் முன்னாடியும் குறை சொல்லும்போது முகத்துல எதையும் காட்டாம உட்கார்ந்துடுறேன். வெளியே வந்தா அவர் சொன்னதுல பாதி ஞாபகமில்ல. ராத்திரி வரைக்கும் கொதிப்பும் அடங்கல. ஏன்?"

ஞாபக மறதி இல்லைங்க, கவனம் வேறு வேலையில் இருக்கிறது. கோபம் முழுதாக மூண்ட பிறகு முகத்தை மட்டும் பிடித்து வைக்க, நொடிக்கு நொடி உங்களையே கண்காணிக்க வேண்டும். காதில் விழுவதைப் பதிய மிச்சம் இருப்பது கொஞ்சம்தான். 2000-இல் உளவியலாளர்கள் ரிச்சர்ட்ஸும் கிராஸும் வெளியிட்ட சோதனைகளில், முகத்தை அடக்கியவர்களிடம் இதே மறதி தெரிந்தது. பார்ப்பதை வேறு கோணத்தில் எடுத்துக்கொண்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அடக்குவதால் உள்ளே இருக்கும் கோபமும் குறைவதில்லை. இதையே வழக்கமாக்கியவர்களிடம் நெருங்கிய உறவுகள் குறைவாகவும் மனச்சோர்வு அதிகமாகவும் காணப்படுகின்றன. (எது காரணம், எது விளைவு என்பது வேறு விவாதம்.)

அப்படி வேறு கோணத்தில் எடுத்துக்கொள்வதை, அதாவது நடப்பதன் அர்த்தத்தை மாற்றுவதை, மீட்டிங்குக்கு முன்பே செய்யுங்கள். "என்னை மட்டம் தட்டப் போகிறார்" என்பதை "மூன்று நாள் தாமதமான ரிப்போர்ட்டைப் பற்றிப் பேசப் போகிறார், எந்த இடத்தில் சிக்கல் என்று பிடிக்கணும்" என்று நோட்டில் எழுதிவிட்டு உள்ளே போங்கள். அவர் பேசும்போது அந்த இடத்தை மட்டும் குறியுங்கள். வரி உண்மையாக இருக்கணும். "அவர் என் நல்லதுக்குத்தான் சொல்றார்" என்று நம்பாமல் எழுதினால் இரண்டாவது நிமிடமே உடைந்துவிடும். ஏற்கெனவே கை நடுங்குகிறதென்றால் அப்போது முயலாதீர்கள், நேரம் கடந்துவிட்டது. கேட்டதை எழுதிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வாராவாரம் அவமானப்படுத்துகிறார் என்றால் இது மருந்தல்ல. அர்த்தத்தை மாற்றி மாற்றிப் பொறுத்துக்கொள்வீர்கள், அவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து அவரிடம் பேசுங்கள்.