சமையலறைத் தராசு எதை அளக்கிறது?

அன்புள்ள ஐயா,

பருத்தித்துறையில் எட்டாம் தரத்துக்கு விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஒரு கருங்கல்லைச் சமையலறைத் தராசில் வைத்து அதன் திணிவு 500 கிராம் என்றும், அதையே விற்றராசில் தொங்கவிட்டு நிறை 4.9 நியூற்றன் என்றும் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "ரீச்சர், இரண்டு தடவையும் கல்லைப் பூமிதானே இழுக்கிறது? தராசில் கிராம் என்று எழுதியிருந்தால் அது திணிவாகிவிடுமா?" என்று கேட்டாள். அடுத்த பாடத்தில் சொல்கிறேன் என்று இருத்திவிட்டேன். அவளுக்கு என்ன சொல்வது?

வாசகி, பருத்தித்துறை

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் அவளிடம், "நீ கேட்டது சரி" என்று வகுப்பறிய சொல்லுங்கள். சமையலறைத் தராசு திணிவை நேராக அளப்பதில்லை. அதன் தட்டுக்கு அடியில் ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கிறது. கல்லை வைத்ததும் அது கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. அந்த வளைவை மின்சுற்று உணர்ந்து, "இவ்வளவு அழுத்தம் என்றால் இத்தனை கிராம்" என்று மாற்றிக் காட்டுகிறது. விற்றராசில் சுருள்வில் நீள்கிறது, இங்கே உலோகம் வளைகிறது. இரண்டுமே விசையைத்தான் உணர்கின்றன. கிராம் என்பது, பூமியின் இழுவை இவ்வளவுதான் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு தராசு செய்யும் கணக்கு.

இதை வாயால் சொல்லி முடிக்க வேண்டாம். உங்களிடம் உள்ள அதே கல்லையும் அதே இரண்டு தராசுகளையும் கொண்டு காட்டிவிடலாம். கூடுதலாகத் தேவைப்படுவது இரண்டு லீற்றர் ஐஸ்கிறீம் பெட்டி ஒன்றும் ஒரு முழம் தங்கூசியும்தான்.

பெட்டியில் பாதிக்குச் சற்று மேலாக நீர் ஊற்றிச் சமையலறைத் தராசின்மீது வையுங்கள். 1300 கிராம் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். கல்லைத் தங்கூசியால் கட்டி விற்றராசில் தொங்கவிடுங்கள், அது 4.9 நியூற்றன். இனிக் கல்லை மெதுவாக நீருக்குள் இறக்குங்கள். முழுவதும் அமிழ வேண்டும். ஆனால் அடியிலோ பக்கத்திலோ முட்டக் கூடாது. அந்த நிலையில் இரண்டையும் ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும் என்பதால், விற்றராசுக்கு ஒரு பிள்ளையும் கீழ்த் தராசுக்கு இன்னொரு பிள்ளையும் நிற்கட்டும்.

விற்றராசு ஏறத்தாழ 3.0 நியூற்றனுக்கு இறங்கியிருக்கும். கீழே 1300 ஆக இருந்தது ஏறத்தாழ 1490 ஆகியிருக்கும்.

இங்கே சற்று நிறுத்துங்கள். பெட்டிக்குள் ஒரு துளி நீர்கூடச் சேர்க்கவில்லை. கல்லும் மேலேயிருந்து தூக்கிப் பிடித்தபடிதான் இருக்கிறது. அப்படியானால் அந்த 190 கிராம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். நீருக்குத் திணிவு கூடிவிட்டதா? கல் தன் திணிவில் ஒரு பகுதியை நீருக்குக் கொடுத்துவிட்டதா? கல்லை வெளியே எடுத்தால் இரண்டும் பழைய வாசிப்புக்குத் திரும்பிவிடும். கல்லில் ஒட்டிப் போகும் நீருக்கு ஒன்றிரண்டு கிராம் குறையலாம். எனவே திணிவு எங்கும் போகவில்லை. நீர் கல்லை 1.9 நியூற்றன் விசையால் மேலே உதைக்கிறது. அதே அளவு விசையால் கல் நீரைக் கீழே அழுத்துகிறது. அந்த அழுத்தத்தைத்தான் கீழ்த் தராசு கிராமாகப் படித்துவிட்டது. அது விசைமானி என்பதற்கு இதைவிட நல்ல சான்று வகுப்பறையில் கிடைக்காது.

நம்பாத பிள்ளை இருந்தால் கீழ்த் தராசின் வாசிப்பையும் நியூற்றனுக்கு மாற்றச் சொல்லுங்கள். கல் வெளியே இருந்தபோது கீழே 12.7, மேலே 4.9, கூட்டினால் 17.6. அமிழ்ந்திருக்கும்போது கீழே 14.6, மேலே 3.0, மறுபடியும் 17.6. கல்லை அடியில் இருக்கவிட்டுத் தங்கூசியைத் தளர்த்தினால் விற்றராசு சுழியத்துக்கு வரும், கீழே 1800 கிராம், அதாவது 17.6 நியூற்றன். சுமையை இரண்டு தராசுகளும் பங்குபோட்டுக் கொள்கின்றன, மொத்தம் மாறுவதில்லை.

பிழைக்கும் இடங்கள் சில உண்டு. மலிவான சமையலறைத் தராசு சிறிது நேரத்தில் தானாக அணைந்துவிடும்; மீண்டும் போட்டால் பெட்டியோடு சேர்த்துச் சுழியம் காட்டும். பிள்ளைகள் அதைக் கவனிக்காமல் எழுதிவிடுவார்கள். ஆகவே பெட்டியின் முதல் வாசிப்பைக் கரும்பலகையில் எழுதிவிட்டே தொடங்குங்கள். விற்றராசின் முள் உறையோடு உரசி நின்றுவிடுவதும் உண்டு. விரலால் இலேசாகத் தட்டியபின் கண்மட்டத்தில் வாசிக்க வேண்டும். கொழுவியில் எதுவும் இல்லாதபோது அது சுழியத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பழைய விற்றராசுகளில் சுருள்வில் தளர்ந்திருக்கும். நீங்கள் கருங்கல் எடுத்தது நல்லது. நம் ஊர்ச் சுண்ணாம்புக்கல் துளைகள் நிறைந்தது. நீரில் இறக்கியதும் குமிழிகள் வரும், வாசிப்பும் நிலைக்காமல் நகரும்.

அப்படியானால் திணிவை எப்படித்தான் காண்பது என்று அவள் அடுத்துக் கேட்பாள். கேட்க வேண்டும். சந்தையில் இன்னும் சிலரிடம் இருக்கும் தட்டுத்தராசை ஒருநாள் இரவல் வாங்குங்கள். ஒரு தட்டில் கல், மற்றதில் 500 கிராம் படிக்கல். இங்கும் பூமியின் இழுவைதான் வேலை செய்கிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவாக. சந்திரனில் இழுவை ஏறத்தாழ ஆறிலொரு பங்கு. அங்கே விற்றராசு 0.8 நியூற்றன் காட்டும். உங்கள் சமையலறைத் தராசு அசையாத நம்பிக்கையோடு 83 கிராம் என்று காட்டும். தட்டுத்தராசு மட்டும் அங்கும் சமமாகவே நிற்கும். படிக்கல்லோடு ஒப்பிடுவதால்தான் அது திணிவைச் சொல்கிறது.

கையால் உணர வைக்கவும் வழி உண்டு. ஒரே அளவான இரண்டு பிளாஸ்டிக் போத்தல்களில் ஒன்றை மணலால் நிரப்பி, மற்றதை வெறுமையாக, நீளமான கயிறுகளில் தொங்கவிடுங்கள். பக்கவாட்டில் விரலால் தள்ளச் சொல்லுங்கள். நிறையைக் கயிறு தாங்குகிறது. தள்ளும் விரல் எதையும் தூக்கவில்லை. இருந்தும் மணல் போத்தல் நகர மறுக்கிறது. அசைய மறுக்கும் அந்தத் தன்மையின் அளவுதான் திணிவு. பூமியின் இழுவை இல்லாத இடத்திலும் அது விரலுக்குத் தெரியும்.

பரீட்சையில் அவள் வழக்கம்போல் திணிவு 500 கிராம், நிறை 4.9 நியூற்றன் என்றே எழுதலாம். யாழ்ப்பாணத்தில் மேசைமீது தனியே வைத்த கல்லுக்குச் சமையலறைத் தராசு காட்டும் கிராம், அதன் திணிவுக்குச் சமமாகவே இருக்கும். தராசின் கணக்கு அந்த நிலைக்காகவே அமைக்கப்பட்டது. நீருக்குள் இறக்கியபோது நாம் அந்த நிலையைக் குலைத்தோம்.

இன்னொன்று. நம் வீடுகளில் பலர் லண்டனிலிருந்து உறவினர் கொண்டுவந்த தராசு வைத்திருக்கிறார்கள். ஈர்வையினாலான ஆர்முடுகல் அங்கே 9.81, இங்கே 9.78. அங்குள்ள இழுவைக்குச் சரியாக அளவு திருத்திய தராசு, இங்கே ஒரு கிலோகிராம் அரிசியை 997 கிராம் என்று காட்ட வேண்டும். மலிவான தராசுக்கு இயல்பாகவே அந்த அளவு பிழை இருக்கக்கூடும் என்பதால் இதை வகுப்பில் நிரூபிக்க முயல வேண்டாம். வசதி இருந்தால், நம்பகமான ஒரு படிக்கல்லை அதன்மீது வைத்து எவ்வளவு விலகுகிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு தராசினுடையது, எவ்வளவு ஊரினுடையது என்று அந்த மாணவியிடமே கேட்டுப் பாருங்கள். அவள் சொல்லும் விடையை எனக்கு எழுதுங்கள்.