ஸ்கேன் கேள்வி-பதில்: வெற்றுப் பக்கங்களை மை அளந்து நீக்குவது

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெற்றுப் பக்கம் பற்றியே. இருபுறமும் ஸ்கேன் செய்துவிட்டு, காலியான பின்பக்கங்களை எப்படிக் கழிப்பது என்று கேட்கிறார்கள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மூலக் கோப்பைத் தொடாதீர்கள். நீக்கியதை வேறு பெயரில் சேமியுங்கள்.

கோஸ்ட்ஸ்கிரிப்டின் inkcov-ஐ ஓட்டினேன். வெறும் பக்கத்துக்கும் 0.9-க்கு மேல் காட்டுகிறது. கெட்டுப்போன பதிப்பா? (குமுளி)

பதிப்பில் கோளாறு இல்லை. inkcov பார்ப்பது ஒரு புள்ளியில் மை இருக்கிறதா இல்லையா என்பதை மட்டும்தான், எவ்வளவு என்று பார்க்காது. கலர் ஸ்கேனில் தாள் ஒருபோதும் சுத்த வெள்ளையாக வராது, லேசான மஞ்சளோ சாம்பலோ இருக்கும், அதனால் எல்லாப் புள்ளியும் கணக்கில் ஏறிவிடுகிறது. கருப்பு-வெள்ளையாக, அதாவது 1 பிட்டில் ஸ்கேன் செய்த கோப்புக்கு அது அருமையாக வேலை செய்யும். ink_cov என்று அடிக்கோடு போட்ட இன்னொன்று அடர்த்தியையும் சேர்த்து அளக்கும், ஆனால் பழுத்த தாளின் மஞ்சளும் அதில் மையாகவே சேரும். முதலில் தாளை வெள்ளையாக்கிவிட்டு அளப்பதுதான் வழி, கீழே வருகிறது.

நான்கு எண் வருகிறதே, K-ஐ மட்டும் பார்த்தால் போதாதா? (வேலந்தாவளம்)

போதாது. சிவப்பு மையும் ஊதா முத்திரையும் பெரும்பாலும் மற்ற மூன்றில்தான் விழும். நான்கையும் கூட்டுங்கள்.

ஆதாரம் எழுதும் அலுவலகத்தில் வேலை. பழைய பத்திரங்களை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, மை 0.5 சதவீதத்துக்குக் கீழ் இருந்த பக்கங்களையெல்லாம் நீக்கினேன். பின்பக்கத்தில் கையெழுத்து மட்டும் இருந்த சில தாள்கள் போய்விட்டன. காலிப் பக்கங்கள் சில அப்படியே நிற்கின்றன. எந்த சதவீதம் சரி? (சித்தூர், பாலக்காடு)

எந்த சதவீதமும் சரியில்லை. யாரோ சொன்ன ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு பத்திரத்தின் பின்பக்கத்தில் கை வைப்பதை நான் பல தடவை கண்டித்துவிட்டேன். பத்திரத்தில் பின்பக்கம்தான் பதிவு அலுவலக முத்திரையும் கையெழுத்தும் விழும் இடம், அது போனால் அந்தப் பிரதியை வைத்து என்ன செய்வது?

கணக்கைப் பாருங்கள். A4 தாள் 300 டிபிஐயில் சுமார் 87 லட்சம் புள்ளி. பேனாக் கோடு அரை மில்லிமீட்டர் என்றால் 6 புள்ளி அகலம். ஒரு கையெழுத்தின் வளைவு நெளிவையெல்லாம் நீட்டினால் 20 செ.மீ. வரும், அது 2400 புள்ளி நீளம். ஆக மொத்தம் 14,000 புள்ளி, 0.16 சதவீதம். இப்போது காலிப் பக்கத்துக்கு வாருங்கள். தாள் சற்றுச் சாய்ந்து, நீளமான ஓரத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் கறுப்பு நிழல் விழுந்தால் அதுவே 60,000 புள்ளிக்கு மேல், 0.7 சதவீதம். கோப்பில் கோர்க்கப் போட்ட ஓட்டை ஒன்று 4000 புள்ளி. அதனால்தான் உங்கள் 0.5 கையெழுத்தை வெட்டிவிட்டு நிழலைக் காப்பாற்றியது. 0.1 என்று குறைத்திருந்தால் கையெழுத்து தப்பியிருக்கும், ஆனால் நிழல் விழுந்த காலிப் பக்கம் ஒன்றுகூடப் போயிருக்காது.

அதனால் எல்லையைத் தேடுவதற்கு முன் ஓரத்தை வெட்டுங்கள், அப்புறம் தாளை வெளுங்கள், அதற்குப் பிறகு அளங்கள்:

```
pdftoppm -r 300 -gray -png in.pdf pg
for f in pg-*.png; do
  magick "$f" -shave 120x120 -threshold 60% \
    -format "%[fx:100*(1-mean)] %f\n" info:
done | sort -g
```

120 புள்ளி என்பது ஒரு செ.மீ. அந்த ஓரத்தில் யாராவது சுருக்கொப்பம் போட்டிருந்தால் அதுவும் வெட்டில் போகும், எனவே ஒரு கட்டுத் தாளை முழுதாகக் கண்ணால் பார்த்துவிட்டு அகலத்தை முடிவு செய்யுங்கள். 60% என்பது, அதைவிட வெளிச்சமான புள்ளியெல்லாம் வெள்ளை என்று பொருள். மஞ்சள் தாளும், மறுபக்க எழுத்தின் மங்கலான சாயலும் பெரும்பாலும் அதில் போய்விடும், பால்பாயிண்ட் நிற்கும். கடைசியில் sort -n போடாதீர்கள். மிகச் சுத்தமான பக்கத்துக்கு 4.1e-05 என்பது போல எண் வரும், -n அதை 4.1 என்று படித்துப் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிடும்.

இப்போது பட்டியலை மேலிருந்து படியுங்கள். காலிப் பக்கங்கள் 0.00, 0.01, 0.02 என்று ஒட்டி ஒட்டி வரும், திடீரென்று 0.1-க்கோ 0.2-க்கோ தாவும். அந்த இடைவெளிதான் உங்கள் எல்லை, அது கட்டுக்குக் கட்டு மாறும். இடைவெளியே தெரியாமல் எண்கள் சரிவாக ஏறினால் அந்தக் கட்டில் இந்த முறை ஓடாது. இடைவெளிக்கு இரண்டு பக்கமும் பத்துப் பத்துப் பக்கம் திறந்து பாருங்கள். பத்திரம் என்றால் பத்து போதாது, நீக்கப்போகிற எல்லாவற்றையும் சிறு படங்களாகப் பரப்பிப் பாருங்கள், நூறு பக்கம் பார்க்க இரண்டு நிமிடம்தான். போனவற்றுக்கு மூலக் கோப்பு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் தாளைத் திரும்ப ஸ்கேன் செய்வதைத் தவிர வழியில்லை.

பென்சில் குறிப்புகள் காணாமல் போகின்றன. (மறையூர்)

60-ஐ 75 ஆக்குங்கள். மறுபக்கச் சாயலும் கூடவே வரும். 60-இல் காலி, 75-இல் காலி இல்லை என்று வரும் பக்கங்களைத் தனியே எடுத்துக் கண்ணால் பாருங்கள்.

எஸ்டேட் செக்ரோல் புத்தகம். கோடு போட்ட காலிப் பக்கங்கள் நீங்கவில்லை. (வண்டிப்பெரியார்)

எப்படி நீங்கும்? கால் மில்லிமீட்டர் கோடு முப்பது, தாளின் அகலம் முழுக்க ஓடினால் அதுவே இரண்டரை சதவீதம் மை, கையெழுத்தைப் போலப் பதினைந்து மடங்கு. நிரப்பாத ஒரு பக்கத்தை அளந்து அதன் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதை ஒட்டி வரும் பக்கங்களைப் பாருங்கள். ஆனால் ஒரே ஒரு பெயர் எழுதிய பக்கமும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கும், ஆகவே இங்கே தானாக நீக்கவே கூடாது. கோடு வெளிர் நீலமாக இருந்தால் அதிர்ஷ்டம், 60%-இலேயே மறைந்துவிடும்.

சொன்னபடி செய்தும் தப்பான பக்கங்கள் போகின்றன, ஏன்? (கொழிஞ்சாம்பாறை)

எந்தக் கட்டளை என்று எழுதாமல் "சொன்னபடி" என்றால் நான் என்னவென்று சொல்வது? pdfimages-ஆல் படங்களைப் பிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது 000-இலிருந்து எண்ணும், qpdf 1-இலிருந்து எண்ணும், எல்லாம் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். pdftoppm 1-இலிருந்துதான் தொடங்கும், அதனால்தான் மேலே அதைப் போட்டேன். நீக்கும்போது வைத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லுங்கள். 4-ம் 6-ம் காலி என்றால்:

```
qpdf in.pdf --pages . 1-3,5,7-z -- out.pdf
```

in.pdf-ஐ அழிக்காதீர்கள்.

ஸ்கேனரிலேயே வெற்றுப் பக்கம் தவிர்க்கும் வசதி இருக்கிறதே? (மூணாறு)

அணைத்து வையுங்கள். அது தவிர்த்த பக்கம் எங்கும் பதிவாகாது, எதைத் தவிர்த்தது என்று பின்னால் பார்க்கவும் முடியாது.