முதலில் மூக்கை மாற்றுங்கள்

"வடிதாளில் இட்ட காபித் தூள்மேல் சாதாரண கெட்டிலில் வெந்நீர் ஊற்றினால் நடுவே குழி விழுகிறது, காபியும் நீர்த்துப்போகிறது. மெல்லிய வளைந்த மூக்குள்ள கூஸ்நெக் கெட்டில் வாங்கலாமா? வெப்பக் கட்டுப்பாட்டுக்குக் கூடுதல் பணம் தகுமா?"

கூஸ்நெக் வாங்குங்கள், வெப்பக் கட்டுப்பாடு இப்போதைக்கு வேண்டாம். அகன்ற மூக்கிலிருந்து நீர் மொத்தமாக விழுந்து குழி பறிக்கிறது. பிறகு அந்தக் குழி வழியாகவே இறங்கிவிடுவதால், ஓரத்துத் தூள் சாறு விடாமலே நின்றுவிடுகிறது. 15 கிராம் தூளை முதலில் 45 கிராம் நீரில் முழுதும் நனைத்து அரை நிமிடம் விட வேண்டும். மெல்லிய தாரை இல்லாமல் அந்த அளவில் நிறுத்துவது கடினம்.

வெப்பத்தைச் சமாளிப்பது எளிது. இளம் வறுவலுக்குக் கொதித்தவுடனே ஊற்றலாம். கரு வறுவல் கசந்தால் மூடியைத் திறந்து ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். அடிக்கடி வறுவலை மாற்றுபவருக்கே அந்தப் பொத்தான் உதவும். என்னிடம் இருப்பது மாதக்கணக்கில் ஒரே எண்ணில் நிற்கிறது.