இடுப்பு மூட்டு மாற்றிய பிறகு தாம்பத்தியம்: எப்போது, எப்படிப் படுத்து?

கேள்வி: எனக்கு 44 வயது. இடது இடுப்பு மூட்டு மாற்று அறுவை முடிந்து 5 வாரம் ஆகிறது. தழும்பு பின்பக்கம். தாம்பத்தியத்தை எப்போது தொடங்கலாம், எந்த நிலையில் படுத்தால் மூட்டுக்கு ஆபத்தில்லை? டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

பதில்:

இன்னும் ஒரு வாரம் பொறுங்கள். 6-வது வார மறுபரிசோதனையில் எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்றால் தொடங்கலாம். முதல் சில முறை நீங்கள் மல்லாந்து படுத்திருப்பதுதான் பாதுகாப்பு. பிசியோதெரபி துறையில் இருப்பதால், இதற்கான காரணத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். காரணம் தெரிந்தால், படம் போட்ட கையேடு இல்லாமலேயே எந்த நிலை ஆகும், எது ஆகாது என்று உங்களால் கணக்குப் போட முடியும்.

தழும்பு பின்பக்கம் என்றால் பெரும்பாலும் பின்பக்க வழியாக அறுவை செய்திருப்பார்கள். மூட்டுக்குப் பின்னால் உள்ள உறையையும் சில சிறு தசைகளையும் விலக்கிவிட்டு உள்ளே போய், முடித்ததும் திரும்பத் தைப்பார்கள். அந்தத் தையல் ஓரளவு பிடிக்க 6 வாரம் ஆகும், நன்றாக உறுதிப்பட 12 வாரம் வரை ஆகும். அதுவரை தொடை எலும்பின் மேல்முனையில் உள்ள பந்து, அது பொருந்தும் கிண்ணத்தை விட்டு நழுவினால் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் நழுவும். மூன்று அசைவுகள் அதை அந்தப் பக்கம் தள்ளுகின்றன: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்குவது, அந்தத் தொடை உடலின் நடுக்கோட்டைத் தாண்டி மறுகால் பக்கம் போவது, முழங்காலும் பாதமும் உள்நோக்கித் திரும்புவது. ஒவ்வொன்றும் தனியாகவே தவிர்க்க வேண்டியது. மூன்றும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் ஆபத்து மிக அதிகம்.

90 டிகிரி என்பதைத்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது முழங்கால் மடங்கும் அளவு இல்லை. உங்கள் நெஞ்சு, வயிறு இருக்கும் கோட்டுக்கும் தொடைக்கும் இடையே உள்ள மடக்கு. தொடையைத் தூக்கினாலும் அது கூடும், தொடை அசையாமல் இருக்க நீங்கள் முன்னால் குனிந்தாலும் அதே அளவு கூடும். மூட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். முழங்காலை எவ்வளவு மடக்கினாலும், தொடை வயிற்றை நெருங்காத வரை பயமில்லை.

இனி உங்கள் நிலைக்கு வருவோம். மல்லாந்து படுங்கள், கால்களைச் சற்று அகட்டி, முழங்கால்களை லேசாக மடக்கிக்கொள்ளுங்கள். இடது தொடைக்கும் முழங்காலுக்கும் வெளிப்பக்கத்தில் ஒரு கெட்டியான தலையணையை அண்டக் கொடுங்கள். கால் தன் கனத்தில் வெளியே சரியாமல் அதன் மேல் சாய்ந்திருக்கும், தொடைத் தசையும் இறுகாது. முழங்காலும் கால்விரல்களும் மேல்நோக்கியோ கொஞ்சம் வெளிநோக்கியோ இருக்கட்டும். வீட்டுக்காரர் தன் பாரத்தை முழங்கைகளிலும் முழங்கால்களிலும் தாங்கிக்கொள்ள வேண்டும், உங்கள் இடுப்பில் இறக்கக் கூடாது. உங்கள் கால்களை அவர் தோள்மேல் போடுவது, முழங்காலை நெஞ்சை நோக்கித் தள்ளுவது, நீங்கள் கால்களால் அவர் இடுப்பைச் சுற்றிக்கொள்வது இந்த 12 வாரத்துக்கும் வேண்டாம். இயல்பான வேகத்தில் கால் தானாக மேலே ஏறிவிடும் என்பதால், "காலைப் பார்த்துக்கோ" என்று இருவரும் முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.

இரண்டாவது நிலை, ஒருக்களித்துப் படுப்பது. வலது பக்கம் கீழே, அறுவை செய்த இடது கால் மேலே, வீட்டுக்காரர் பின்னால். பாரம் எதுவும் மேலே விழாததால் இது பலருக்கு மிகவும் வசதியாக இருக்கிறது. ஆனால் தலையணை வைக்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இரண்டு கெட்டித் தலையணைகள் வேண்டும், அவை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை தாங்க வேண்டும். முழங்காலுக்கு மட்டும் வைத்தால் பாதம் கீழே தொங்கும். பாதம் தொங்கினால் தொடை திருகிக்கொள்ளும். களைத்த பிறகு மேல்கால் தலையணையை விட்டு முன்பக்கமாகச் சரிந்து மெத்தையில் விழுந்தால் மடங்குதல், நடுக்கோட்டைத் தாண்டுதல், உள்திரும்புதல் மூன்றும் ஒன்றாக நடக்கும். அதனால் முடிந்தவுடன் தலையணையை எடுத்துவிடாதீர்கள், அப்படியே தூங்கினாலும் அது இருக்கட்டும். உடலைச் சுருட்டிக்கொள்ளாமல் முதுகை நேராக வைத்திருங்கள். அறுவை செய்த பக்கமே கீழே இருக்கும்படி படுப்பதற்கு, தழும்பில் அழுத்தம் தாங்கும் வரை காத்திருங்கள்.

நீங்கள் மேலே அமரும் நிலையும் முழங்கால் ஊன்றித் தவழும் நிலையும் இப்போதைக்கு வேண்டாம். இரண்டிலும் இடுப்பு ஏற்கனவே 90 டிகிரிக்கு அருகில் இருக்கும், கொஞ்சம் முன்னால் சாய்ந்தாலே எல்லை தாண்டிவிடும். ஜெனீவாவில் உடலசைவைப் பதிவுசெய்யும் கருவிகளை வைத்து இரண்டு தன்னார்வலர்களிடம் 12 நிலைகளை அளந்து, 2014-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பெண்ணுக்கு 95 டிகிரிக்கு மேல் மடக்கு தேவைப்பட்ட 4 நிலைகளில் செயற்கை மூட்டின் பாகங்கள் ஒன்றோடொன்று இடித்தன. ஆணுக்குச் சிக்கலாக இருந்தது ஒரே ஒரு நிலைதான். ஆகவே இந்த விஷயத்தில் பெண்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. அளந்தது இரண்டே பேரிடம் என்பதால் அந்த எண்களை எல்லோருக்கும் அப்படியே பொருத்த முடியாது, ஆனால் 90-ஐ எல்லையாக வைப்பது ஏன் என்பது அதில் தெரிகிறது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல், தரையில் விரித்த பாயும் மெத்தையும். படுத்திருக்கும்போது ஒன்றும் ஆகாது. தரையில் உட்கார்ந்து படுப்பதும் எழுவதும்தான் இடுப்பை முழுக்க மடக்கும். கட்டில் விளிம்பில் உட்கார்ந்து பாதம் தரையில் படும்போது உங்கள் முழங்கால் இடுப்பை விடத் தாழ்வாக இருக்க வேண்டும். சமமாகவோ மேலாகவோ இருந்தால் கட்டில் உயரம் போதாது, இன்னொரு கெட்டி மெத்தையைப் போடுங்கள். பிறகு எழுந்து உட்கார்ந்து, கால்மாட்டில் கிடக்கும் போர்வையையோ தரையில் கிடக்கும் நைட்டியையோ குனிந்து எடுப்பதுதான் பலரும் யோசிக்காத இடம். வேண்டிய துணியைத் தலைமாட்டில் ஒரு நாற்காலியில் முன்பே போட்டு வையுங்கள்.

6 வாரம் ஆகிவிட்டது என்பது மட்டும் போதாது. காயம் முழுக்க ஆறி, கசிவில்லாமல் இருக்க வேண்டும். யாரும் பிடிக்காமல் படுக்கையில் உங்களால் புரண்டு படுக்க முடிய வேண்டும். மல்லாந்து படுத்து இடது காலை மெத்தையோடு நகர்த்தி அகட்டும்போது கூர்மையான வலி இருக்கக் கூடாது. உள்தொடையில் ஒரு நாண் இழுப்பதுபோல் இருந்தால் அது புதிய மூட்டின் வலி இல்லை. மூட்டு கெட்டிருந்த காலத்தில் காலை அகட்டாமலே இருந்ததால் அந்தத் தசை சுருங்கியிருக்கும். பிசியோதெரபிஸ்டிடம் சொன்னால் அதற்குப் பயிற்சி தருவார், சில வாரங்களில் இளகும்.

மாதவிடாய் நிற்கப்போகும் வயது என்பதால் வறட்சி இருக்கலாம். இதை ஒதுக்கிவிடாதீர்கள். எரிச்சல் வந்தால் தொடைகள் தானாக உள்ளே இறுகும், அந்த இறுக்கம் மூட்டுக்கு நல்லதில்லை. மருந்துக்கடையில் நீரில் கரையும் வழுக்கு ஜெல் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் ஆணுறையைக் கெடுத்துவிடும், சேர்த்துப் பயன்படுத்தக் கூடாது. வழக்கமான வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்பு போட்டுக்கொள்ளலாம். ஆனால் வலியே தெரியாத அளவுக்குப் போடாதீர்கள், "நிறுத்து" என்று மூட்டு சொல்வது வலியில்தான். மறுநாள் காலை வரை லேசாகக் கடுத்தால் கவலையில்லை. அதற்குப் பிறகும் நீடித்தால் ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தழும்பில் கசிவு வந்தாலோ அன்றே மருத்துவரைப் பாருங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் அதற்கும் காத்திருக்கக் கூடாது, உடனே மருத்துவமனை.

இதையெல்லாம் பொதுவில் எழுதலாமா என்று சிலர் கேட்பார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் சம்மணம் கூடாது, இந்தியன் டாய்லெட் கூடாது என்று எழுதுகிறார்கள், இது பற்றி ஒரு வரி இருப்பதில்லை. நம் நாட்டில் தொடை எலும்பின் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று மூட்டு கெட்டு, முப்பது நாற்பது வயதில் மாற்றிக்கொள்பவர்கள் நிறைய. அவர்களிடம் இதைப் பேசாமல் அனுப்புவது பாதி வைத்தியம். எந்த வழியாக அறுவை செய்தார்கள் என்பதைக்கூட நோயாளிக்குப் புரியும்படி எழுதித் தருவதில்லை, அதைப் பொறுத்துத்தான் தடையே மாறுகிறது. முன்பக்க வழி என்றால் கணக்கு தலைகீழ்: காலைப் பின்னால் தள்ளுவதும் பாதத்தை வெளியே திருப்புவதும்தான் அங்கே ஆபத்து. கால் நீட்டியபடி பிட்டத்துக்கு அடியில் தலையணை வைப்பதும், கட்டில் விளிம்பில் காலைத் தொங்கவிடுவதும் அவர்களுக்குத்தான் ஆகாது. எனவே கூச்சமாக இருந்தால் தாம்பத்தியம் என்ற சொல்லே வேண்டாம். "எந்த வழியாகச் செய்தீர்கள், எனக்கு எந்த அசைவு தடை, எத்தனை வாரம்?" என்று மட்டும் கேளுங்கள். பெரிய பந்து வைத்திருப்பதால் தடை தேவையில்லை என்று உங்கள் சர்ஜன் சொன்னால், நான் எழுதியதை விட அவர் சொல்வதே சரி.

மூட்டு நழுவினால் சந்தேகமே வராது. திடீரென்று தாங்க முடியாத வலி, சில நேரம் "டக்" என்ற உணர்வு, கால் குட்டையாகி முழங்கால் உள்ளே திரும்பி நிற்கும், ஊன்ற முடியாது. இழுத்துச் சரிசெய்யவோ எழுந்து நிற்கவோ பார்க்காதீர்கள். இருக்கும் நிலையிலேயே காலுக்குத் தலையணை கொடுத்து, 108-க்கு அழைக்க வேண்டும். மயக்கம் கொடுத்துத்தான் மூட்டைத் திரும்ப ஏற்றுவார்கள், அதனால் தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். பாதம் மரத்தாலோ மேலே தூக்க முடியாவிட்டாலோ, நரம்பு அழுந்தியிருக்கக்கூடும், வருபவர்களிடம் அதை முதலில் சொல்லுங்கள்.