எம்.சி.பி. ட்ரிப் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள்

"சமையலறை எம்.சி.பி. அடிக்கடி ட்ரிப் ஆகிறது. ஓவர்லோடா, ஷார்ட் சர்க்யூட்டா, எப்படித் தெரிந்துகொள்வது?"

நான் வீட்டு வயரிங் வேலை செய்கிறவன். இப்படி யாராவது கூப்பிட்டால் முதலில் கேட்பது, "சுவிட்சைப் போட்டதுமே விழுகிறதா, கொஞ்ச நேரம் ஓடிவிட்டு விழுகிறதா?" என்பதைத்தான்.

எம்.சி.பி. என்பது கரண்ட் அளவு மீறினால் தானாகவே விழுந்து, அதாவது ட்ரிப் ஆகி, லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். அதற்குள் இரண்டு வேலையாட்கள் உண்டு. ஒன்று இரட்டை உலோகப் பட்டை. கரண்ட் அளவுக்கு மேல் போனால் அது மெதுவாகச் சூடேறி, வளைந்து, லீவரைத் தட்டிவிடும். இன்னொன்று காந்தச் சுருள். கரண்ட் திடீரென்று பல மடங்கு எகிறினால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடும். பட்டை தட்டினால் ஓவர்லோட், அதாவது லைன் தாங்குவதைவிட அதிகப் பொருட்கள் ஓடுகின்றன. சுருள் இழுத்தால் பெரும்பாலும் ஷார்ட், அதாவது எங்கோ இரண்டு வயர்கள் நேராகத் தொட்டுக்கொள்கின்றன.

போன மாதம் பார்த்த ஒரு வீட்டில் சி16 எம்.சி.பி., அதாவது 16 ஆம்பியர். கீசர் 2000 வாட், இண்டக்‌ஷன் அடுப்பு 2000, கெட்டில் 1500, மூன்றுமே அதே லைனில். மொத்தம் 5500 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 24 ஆம்பியர், ஒன்றரை மடங்கு. இந்த அளவு மீறலில் உடனே விழாது, பல நிமிடம் தாங்கும். அங்கேயும் காலையில் குளித்து முடிக்கும் நேரத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆனால் சி வகையில் சுருள் இழுக்க 5 முதல் 10 மடங்கு வேண்டும். 16 ஆம்பியருக்கு அது 80 முதல் 160 வரை. அடுப்பும் கீசரும் சேர்ந்து அந்த அளவுக்குப் போகவே முடியாது.

இதில் ஏமாற ஓர் இடம் இருக்கிறது. ஓவர்லோடில் விழுந்ததும் உடனே தூக்கிவிட்டால், பட்டை இன்னும் சூடாக இருப்பதால் இரண்டாவது முறை சீக்கிரமே விழும். பார்க்க ஷார்ட் மாதிரியே இருக்கும். அதனால் எல்லா பிளக்கையும் கழற்றிவிட்டு, ஒரு பத்து நிமிடம் ஆறவிட்டுப் போடுங்கள்.

எதுவுமே செருகாமல் 'டப்' என்று விழுந்தால், கோளாறு சுவருக்குள் ஓடும் வயரிலோ பிளக் பாயிண்டிலோ இருக்கலாம், அரிதாக எம்.சி.பி.யே கெட்டிருக்கலாம். திரும்பத் திரும்பத் தூக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விழாமல் நின்றால், ஒவ்வொரு பொருளாகச் செருகி சுவிட்சைப் போடுங்கள். ஒரு பொருளைப் போட்டதும் விழுகிறதென்றால் கோளாறு அதில்தான். அயர்ன் பாக்ஸ் என்றால் வயர் பெட்டிக்குள் நுழையும் கழுத்தை முதலில் பாருங்கள். மடங்கி மடங்கி அங்கேதான் உறை விரிசல் விடும்.

லோடு குறைவாக இருந்தும் நேரம் கழித்து விழுந்தால் எம்.சி.பி.யின் ஸ்க்ரூ லூஸாக இருக்கலாம். அந்தச் சூடே பட்டையை வளைத்துவிடும். அந்த இடம் பழுப்பேறி, கருகிய வாடை வரும். மெயினை அணைத்த பிறகுதான் அதில் கை வைக்க வேண்டும்.

ஓவர்லோட் என்று தெரிந்ததும் சிலர் 32 ஆம்பியர் எம்.சி.பி. போட்டுவிடச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். சுவருக்குள் ஓடுவது பெரும்பாலும் 2.5 சதுர மி.மீ. வயர்தான். எம்.சி.பி. விழாமல் நின்றால் அடுத்து சூடேறுவது அந்த வயர். அந்த வீட்டில் கீசருக்குத் தனி லைன் இழுத்து, தனி எம்.சி.பி. வைத்தேன்.