கிஃப்ட் வவுச்சரில் கடைசித் தேதியை யாருக்காக அச்சிடுகிறோம்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். போன தீபாவளிக்கு 1,000 ரூபாய் கிஃப்ட் வவுச்சர் அடித்து, கம்பெனிகளுக்கு விற்றோம். அந்த வவுச்சர் கையில் கிடைத்த தொழிலாளர்கள் தேதி முடிந்த பிறகு வந்து சண்டை போட்டார்கள். சிலர் 800 ரூபாய்க்கு வாங்கிவிட்டு மீதியைக் கேட்டார்கள். மாதிரி இணைத்துள்ளேன். இந்த முறை எப்படி அடிப்பது?

பதில்: உங்கள் வவுச்சரை விலை கொடுத்து வாங்குபவர் ஒருவர், கடைக்குக் கொண்டுவருபவர் வேறொருவர். நிபந்தனைகளை நீங்கள் வாயால் சொன்னது கம்பெனி மேலாளரிடம்; தொழிலாளியின் கையில் இருப்பது காகிதம் மட்டுமே. மாதிரியில் "வழங்கிய நாளிலிருந்து 6 மாதங்கள் செல்லும்" என்று இருக்கிறது. கம்பெனி அக்டோபர் 10 அன்று வாங்கி, தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கொடுத்திருந்தால், தொழிலாளி தமக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் எண்ணுவார். சித்திரைப் பிறப்புக்குத் துணி எடுக்கலாம் என்று பத்திரமாக வைத்திருந்து ஏப்ரல் 12 அன்று வந்தவரை உங்கள் கல்லாவில் திருப்பி அனுப்பினால், அவர் கோபம் நியாயமானதே.

ஆகவே மாதக் கணக்கை எடுத்துவிட்டு, முடியும் நாளையே, மாதத்தின் பெயரை எழுத்தில் போட்டு, "கடைசி நாள்: 30 ஏப்ரல் 2027, கடை மூடும் வரை" என்று தொகைக்கு நேர் கீழே, தொகைக்கு அடுத்த பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். மாதக் கடைசியாகவும், பண்டிகைக்குப் பிந்திய நாளாகவும் இருப்பது நல்லது. தேதியைக் கையால் நிரப்பும் முறை வேண்டாம். பளபளப்பான லேமினேஷன் மேல் பேனா மை ஒட்டாது, பர்ஸில் இரண்டு வாரம் இருந்தாலே தேய்ந்துபோகும்.

தொகையைக் காசோலையில் போல எண்ணாலும் எழுத்தாலும் போடுங்கள். சிவப்புப் பின்னணியில் தங்க ஃபாயிலில் உள்ள உங்கள் 1,000, விளக்கொளியில் கண்ணைக் கூசச் செய்கிறதே தவிரப் படிக்க முடியவில்லை; ஃபாயில் கடையின் பெயருக்குப் போதும். "ஜிஎஸ்டி தனி" என்ற வரியையும் நீக்குங்கள். வவுச்சர் விற்பதற்கு வரியில்லை, அதைக் கொண்டு எடுக்கும் துணிக்குத்தான் வரி. ஜிஎஸ்டி வந்தது 2017இல். வவுச்சர் பரிவர்த்தனை சரக்கும் அல்ல, சேவையும் அல்ல என்று மத்திய வரி வாரியம் தெளிவாகச் சுற்றறிக்கை விட்டது 2024 டிசம்பர் 31 அன்று. சின்ன வியாபாரி ஏழு ஆண்டுகள் குழம்பியதற்கு யார் பொறுப்பு என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான். நீங்கள் எழுத வேண்டியது ஒரே வரி: "வரி சேர்த்த பில் தொகையில் 1,000 ரூபாய் கழிக்கப்படும்."

மீதித் தொகைதான் சண்டையின் மறுபாதி. "மீதி தரப்படாது" என்று பொடி எழுத்தில் போடுவது எளிய வழி. ஆனால் 200 ரூபாயை இழந்தவர் மறுபடி உங்கள் வாசற்படி மிதிக்கமாட்டார். ஒரு 1,000க்குப் பதிலாக இரண்டு 500 ரூபாய்ச் சீட்டுகளை ஒரே உறையில் போட்டுக் கொடுத்தால் மீதி என்ற பேச்சே குறைந்துவிடும். அப்போதும் 800 ரூபாய் பில் வந்தால், முதல் சீட்டை வாங்கிக்கொண்டு, இரண்டாவதன் பின்புறத்தில் நாள், எடுத்த தொகை 300, மீதி 200 என்று எழுதி, கடை முத்திரை வைத்துத் திருப்பிக் கொடுக்கலாம். அதற்காகவே பின்புறத்தை லேமினேஷன் இல்லாமல் விட்டு, மூன்று வரிக் கட்டம் போடச் சொல்லுங்கள். மீதிக்கும் முன்புறத்தில் உள்ள அதே கடைசி நாள்தான் என்பதைக் கட்டத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். இல்லையேல் மீதிக்குப் புதிய ஆறு மாதம் உண்டு என்று வாதம் கிளம்பும்.

பயன்படுத்தும் முறைக்கு, "பில் போடும் முன் கல்லாவில் கொடுக்கவும்" என்ற வரியும் கிளையின் தெருப் பெயரும் போதும். பில் முடிந்த பிறகு நீட்டினால் அதை ரத்து செய்து மறுபடி போட வேண்டியிருக்கும். அந்தத் தாமதத்தில்தான் வாக்குவாதம் பிறக்கிறது.

இப்போது நான் மிகவும் எச்சரிக்க விரும்புவது அச்சகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் நிற்கும் டிசைன் ஏஜென்டுகளைப் பற்றி. வேறு நிறுவனத்தின் ஆங்கில நிபந்தனைகளை அப்படியே ஒட்டித் தருவது இவர்கள் வழக்கம். உங்கள் மாதிரியின் பின்புறத்தில், உங்களிடம் இல்லாத "ஆன்லைன் ஸ்டோர்" பற்றி ஒரு நிபந்தனை இருக்கிறது. அதைவிட மோசம், கியூஆர் கோடு. சிலர் அதை வாடகைத் தளம் ஒன்றின் வழியாகச் சுற்றிவிட்டு அமைப்பார்கள். சந்தா முடிந்ததும் அச்சடித்த அத்தனை சீட்டிலும் கோடு செத்துவிடும், உயிர்ப்பிக்க மறுபடி பணம் கேட்பார்கள். அச்சுக்கு அனுமதி தருமுன் உங்கள் போனில் ஸ்கேன் செய்து பாருங்கள். திரையில் உங்கள் கடையின் சொந்த முகவரியோ வெறும் வரிசை எண்ணோ வந்தால் சரி. தெரியாத தளத்தின் பெயர் வந்தால் கோடே வேண்டாம். வரிசை எண்ணும் அதை எழுதிவைக்க ஒரு நோட்டும் உங்கள் அளவுக்குத் தாராளமாகப் போதும்.

முழு எண்ணிக்கையை அடிக்குமுன் ஒரே ஒரு சீட்டை வாங்கி, கடைக்குத் தொடர்பில்லாத மூவரிடம் கொடுத்து, எவ்வளவு, எந்த நாள் வரை, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று கேளுங்கள். பின்புறக் கட்டத்தில் பால்பாயின்ட் பேனாவால் எழுதிக் கட்டைவிரலால் தேய்த்தும் பாருங்கள். மை இழுவினால் காகிதத்தை மாற்றச் சொல்லுங்கள்.