‘லெஸ்’ என்று விழுந்த ஒப்பந்தப்புள்ளி: இனி பின்வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் சின்ன அளவில் சிவில் வேலை எடுத்துச் செய்பவன் நான். எங்கள் ஒன்றியத்தில் 22 லட்சம் மதிப்பீட்டில் மழைநீர் வடிகால் டெண்டர் வந்தது. பிரவுசிங் சென்டர் பையன்தான் ஆன்லைனில் போட்டுக் கொடுத்தான். மதிப்பீட்டைவிட 6 சதவீதம் கூடுதல் என்று நான் சொன்னதை அவன் 6 சதவீதம் குறைவு, அதாவது ‘லெஸ்’ என்று போட்டுவிட்டான். மிகக் குறைந்த விலை என்னுடையது, எல்-1 என்று வந்தபோதுதான் தெரிந்தது. 38 நாள் ஆகிறது. ஒர்க் ஆர்டர் வரவில்லை, அக்ரிமெண்டில் கையெழுத்தும் போடவில்லை. “பிட் வேலிடிட்டி 90 நாள், பின்வாங்கினால் வைப்புத்தொகையாகக் கட்டிய இ.எம்.டி. போய்விடும், பிளாக்லிஸ்ட் செய்வோம்” என்கிறார்கள். நான் போட்டது டெண்டர்தானே, பிட் எங்கிருந்து வந்தது? எல்லாம் சேர்ந்து என்னைச் சிக்க வைக்கிறார்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. கேஸ் போட்டு இ.எம்.டி. 22,000 ரூபாயை மீட்க முடியுமா?

பதில்: பையனையும் சந்தேகத்தையும் முதலில் ஒதுக்கி வையுங்கள். உங்கள் டிஜிட்டல் கையெழுத்தில் பதிவேறியது உங்கள் கையெழுத்துதான். டோக்கனையும் பின் நம்பரையும் யாரிடம் கொடுத்தீர்கள் என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. உங்கள் வழக்கில் ஒரே ஒரு விஷயம்தான் முக்கியம். உங்கள் விலையை ஏற்றுக்கொண்டதாக அலுவலகம் கடிதம் அனுப்பிவிட்டதா, இன்னும் இல்லையா? இதற்கான பதில்தான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

வார்த்தைக் குழப்பத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். நம் அரசு அறிவிப்புகளில் ‘ஒப்பந்தப்புள்ளிகள் வரவேற்கப்படுகின்றன’ என்று இருக்கும். அந்த ‘வரவேற்கப்படுகின்றன’ என்ற சொல்லைக் கவனியுங்கள். அலுவலகம் எதையும் தருவதாகச் சொல்லவில்லை; தர முன்வருபவர்களை அழைக்கிறது, அவ்வளவுதான். அந்த அழைப்பைக் கேட்டு இன்ன விலைக்குச் செய்கிறேன் என்று முன்வருபவர் நீங்கள். பேச்சு வழக்கில் அந்த அழைப்பையும் டெண்டர் என்கிறோம், நீங்கள் கொடுத்த விலையையும் டெண்டர் என்கிறோம். 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம், அழைப்புக்குப் பதிலாக நீங்கள் தரும் முறையான முன்மொழிவைத்தான் டெண்டர் என்கிறது. ஆன்லைன் தளத்தில் அதே பொருளுக்கு இருக்கும் பெயர் பிட். ஏலத்தில் கேட்கும் பிட் மாதிரி, வேண்டாமென்றால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே அதனுடன் 90 நாள் நிற்பேன் என்ற வாக்கும், அதற்கு ஈடாக வைத்த இ.எம்.டி.யும் சேர்ந்தே போயிருக்கின்றன.

எல்லைக்கு அப்பால் பாகூரில் புதுச்சேரி அரசு வேலை எடுத்திருந்தாலும் கதை இதுதான். தமிழ்நாட்டின் 1998 சட்டம் அங்கே பொருந்தாது. ஆனால் இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872 இரண்டு பக்கமும் ஒன்றுதான். உங்கள் சிக்கல் அந்தச் சட்டத்துக்குள்தான் இருக்கிறது.

அதன் 5-ஆவது பிரிவின்படி, முன்மொழிவு ஏற்கப்பட்டது என்ற தகவல் உங்களுக்கு எதிராக முழுமையாகும் வரை முன்மொழிவைத் திரும்பப் பெறலாம். அது எப்போது முழுமையாகிறது என்பதை 4-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் கைக்குக் கடிதம் வந்த நாள் கணக்கில்லை. அலுவலகம் அதைத் தபாலில் சேர்த்து, திருப்பி எடுக்க முடியாதபடி அவர்கள் கையை விட்டுப் போன நேரம்தான் கணக்கு. நீங்கள் திரும்பப் பெறும் கடிதமோ அலுவலகத்துக்குத் தெரியவந்த பிறகுதான் அவர்களுக்கு எதிராகப் பலிக்கும். 12-ஆம் தேதி அவர்கள் ஏற்புக் கடிதத்தைத் தபாலில் போட்டு, 13-ஆம் தேதி உங்கள் கடிதம் தபால் பிரிவுக்குப் போனால், நீங்கள் ஒரு நாள் தாமதம். அக்ரிமெண்டில் கையெழுத்துப் போடவில்லை என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள். உங்கள் டெண்டர் நிபந்தனைகளில், ஏற்புக் கடிதத்துடனேயே ஒப்பந்தம் உண்டாகும் என்று இருந்தால் (பெரும்பாலும் இருக்கும்) அக்ரிமெண்ட் பிறகு வரும் பேப்பர் வேலை.

சரி, தப்பாக விழுந்த எண்ணைத் திருத்தித் தரலாமா? இல்லை. விலை திறந்த பிறகு மைனஸைப் பிளஸ் ஆக்கக் கேட்டால் நீதிமன்றமும் துணைக்கு வராது. 2001-இல் மேற்கு வங்க மின்வாரியத்துக்கு எதிரான பட்டேல் இன்ஜினியரிங் வழக்கில், கணினியில் விழுந்த பிழை என்றே ஒப்பந்ததாரர் சொன்னார். திருத்த அனுமதிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. டெண்டர் முடியும் நேரத்துக்குள் தளத்திலேயே மாற்றிப் பதிவேற்றியிருக்கலாம். அந்த வாசல் அடைத்தாகிவிட்டது.

இ.எம்.டி.யும் போகும். சட்டப்படி திரும்பப் பெற உரிமை இருந்தாலும், அதனால் வைப்புத்தொகை தப்பாது. 2003-இல் கங்கா என்டர்பிரைசஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது: திரும்பப் பெறும் உரிமை வேறு, திரும்பப் பெற்றால் வைப்பை இழப்பேன் என்ற நிபந்தனை வேறு. 22,000 ரூபாய்க்காகச் சென்னை உயர் நீதிமன்றம் போகாதீர்கள். வக்கீல் ஃபீஸே அதைத் தாண்டிவிடும், வழக்கும் நிற்காது.

இப்போது கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6 சதவீதம் கூடுதல் என்றால் உங்கள் விலை 23,32,000 ரூபாய். விழுந்திருப்பது 20,68,000. வித்தியாசம் 2,64,000 என்றதும் அவ்வளவும் நஷ்டம் என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் கூடுதல் போட்டபோது அதில் உங்கள் லாபத்தையும் சேர்த்திருப்பீர்கள். உண்மையான செலவு 21,20,000 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இந்த விலையில் வேலையை முடித்தால் கையிலிருந்து போவது 52,000. ஏற்புக் கடிதம் வருமுன் விலகினால் போவது 22,000.

ஏற்புக்குப் பிறகு விலகினால்? மறு டெண்டரில் அந்த வேலை மதிப்பீட்டைவிட 3 சதவீதம் கூடுதலாக, 22,66,000-க்குப் போகிறது என்று வையுங்கள். உங்கள் விலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 1,98,000. நிபந்தனைப்படி அதை உங்களிடமே கேட்பார்கள், இ.எம்.டி. தனி. உங்கள் செலவுக் கணக்கை உட்கார்ந்து நிஜமாகவே போடுங்கள். என் எண்கள் உதாரணம்தான். மிகக் குறைவாக விலை போட்டவரிடம் கூடுதல் பிணைவைப்பு கேட்கும் நிபந்தனை ஆவணத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தப் பணம் முடங்கிக் கிடப்பதும் செலவுதான்.

நான் அதிகம் பயப்படுவது, ஏற்புக் கடிதம் வரும் வரை சும்மா இருப்பவர்களை நினைத்துத்தான். பண்ருட்டிப் பக்கத்து ஒப்பந்ததாரர் ஒருவர் என்னிடம் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. விலை தப்பாகிவிட்டது என்று தெரிந்தும் உதவிப் பொறியாளரிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். அவரும் “பார்க்கலாம்” என்றிருக்கிறார். பிறகு பதிவுத்தபால் வந்தது. அதை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால் ஒப்பந்தமே இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தபால்காரரிடம் ‘மறுக்கப்பட்டது’ என்று எழுத வைத்தார். அந்த உறை என் மேசை மேல் கிடந்தது; பின்புறம் தபால் முத்திரையும் தேதியும் அவ்வளவு தெளிவாக இருந்தன. ஒப்பந்தம் உண்டானதற்கு அதைவிட நல்ல சாட்சி அலுவலகத்துக்குக் கிடைத்திருக்காது. இ.எம்.டி. போயிற்று. மறு டெண்டர் வித்தியாசத்தை, அதே அலுவலகத்தில் அவர் முடித்துவைத்திருந்த இன்னொரு வேலையின் பில்லில் பிடித்தார்கள். ‘இந்த ஒப்பந்தத்திலோ வேறு ஒப்பந்தத்திலோ தர வேண்டிய தொகையிலிருந்து பிடித்துக்கொள்ளலாம்’ என்ற நிபந்தனையை யாரும் படிப்பதில்லை. சின்ன ஒப்பந்ததாரருக்கு உண்மையான அடி இ.எம்.டி.யில் இல்லை, வர வேண்டிய பில்லில்தான். பிளாக்லிஸ்ட் பற்றி அவருக்கு நோட்டீசும் வந்திருந்தது. அதற்குப் பதில் எழுதாமல் விட்டதுதான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது. விளக்கம் கேட்காமல் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்று 1974-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த நடவடிக்கை உத்தேசிக்கப்படுவது நோட்டீசிலேயே தெரிய வேண்டும் என்று 2014-இல் கோர்க்கா செக்யூரிட்டி வழக்கிலும் சொன்னது. அந்தப் பாதுகாப்பை அவர் தானே கைவிட்டார்.

ஆகவே உங்களுக்கு என் ஆலோசனை: கடிதம் இன்னும் அனுப்பப்படவில்லை என்றால் இன்றே எழுதுங்கள். நீட்டி முழக்காதீர்கள், யாரையும் குற்றம் சாட்டாதீர்கள். டெண்டர் எண், திறந்த தேதி, 6 சதவீதம் கூடுதலுக்குப் பதில் குறைவு என்று தவறாகப் பதிவானது, அதனால் ஒப்பந்தப்புள்ளியை இத்துடன் திரும்பப் பெறுகிறேன் என்ற வரி. இந்த நான்கும் போதும். நீங்கள் முன்பே போட்ட செலவுக் கணக்கு இருந்தால் நகல் இணையுங்கள். பிழை நேர்மையானது என்பதற்கு அது ஆதாரம். பிளாக்லிஸ்ட் பேச்சு வந்தால் உங்களைக் காப்பாற்றும். ‘விலையைத் திருத்தித் தரவும், இல்லையேல் விலகிக்கொள்கிறேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள். அது கோரிக்கை, திரும்பப் பெறுதல் ஆகாது. அவர்கள் கோரிக்கையை நிராகரித்துவிட்டு ஏற்புக் கடிதத்தை அனுப்பலாம். கடிதத்தை நேரில் கொண்டுபோய்த் தபால் பிரிவில் முத்திரையும் நேரமும் வாங்குங்கள். கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

இதற்குள் கடிதம் போய்விட்டது என்று தெரிந்தால், வேலையைச் செய்துவிடுங்கள். 52,000 நஷ்டம் கசக்கத்தான் செய்யும். ஆனால் அதோடு முடிந்துவிடும், உங்கள் பதிவும் மற்ற பில்களும் தப்பும். ஒன்றை மட்டும் பாருங்கள்: வந்த ஏற்புக் கடிதம் உங்கள் விலையையும் நிபந்தனையையும் அப்படியே ஏற்கிறதா? வேலையின் அளவையோ காலத்தையோ டெண்டரில் இல்லாதபடி மாற்றியிருந்தால், 7-ஆவது பிரிவின்படி அது முழு ஏற்பு ஆகாது, புது முன்மொழிவு. அப்படி ஒரு கடிதம் வந்தால், பதில் எழுதுவதற்கு முன் அதை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலைப் பாருங்கள்.

அப்புறம், அந்த டோக்கனை பிரவுசிங் சென்டரிலிருந்து இன்றே வாங்கி வந்து பின் நம்பரை மாற்றுங்கள். இன்னொரு டெண்டரில் உங்கள் பெயரில் விலை விழுந்துவிடக் கூடாது.